ஷார்ட்ஸா, நீள வீடியோவா? யூடியூப் கேள்வி பதில்

செல்வி: அண்ணா, சைக்கிள் ரிப்பேர் சேனல் வெச்சிருக்கேன். 12 நிமிஷ பஞ்சர் வீடியோவை யாரும் பாக்குறதில்லை. இனி ஷார்ட்ஸ் மட்டும் போடட்டுமா?

வேண்டாம்மா. டயரைக் கழற்றி வைத்துவிட்டு வழி தேடுகிறவருக்கு அந்த 12 நிமிடமும் தேவை. ஷார்ட்ஸ் பார்க்கிறவர் எதையும் தேடி வரவில்லை. தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் வீடியோ எதிரே வருகிறது. அதனால் இரண்டும் போடுங்கள், ஆனால் நீள வீடியோவைத் துண்டு போடாதீர்கள்.

அதிலிருந்து ஒரே ஒரு சிக்கலை எடுத்து, ஷார்ட்ஸுக்கென்று தனியாகப் படம் பிடியுங்கள். உதாரணமாக, ஒட்டு ஏன் கழன்று வருகிறது? முதல் இரண்டு நொடியில் ஒட்டு உரிந்து வருவதைக் காட்டுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டியதுதான் காரணம் என்று சொல்லுங்கள். பிறகு தேய்த்து, பசை தடவி, பளபளப்பு போகும்வரை காயவிட்டு, அழுத்தி ஒட்டிக் காட்டுங்கள். 35 நொடியில் விஷயம் முடிந்துவிடும். ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் டயருக்குள் இருக்கும் முள்ளைத் தேடி எடுப்பதும் நீள வீடியோவில் இருக்கட்டும்.

அடுத்து YouTube Studio-வில் அந்த ஷார்ட்ஸைத் திறந்து, Related video என்ற இடத்தில் நீள வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். கமெண்டில் லிங்க் போட்டுப் பயனில்லை. ஷார்ட்ஸின் கமெண்டிலும் விவரக் குறிப்பிலும் போடும் லிங்க் 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்து வேலை செய்வதில்லை.

முருகன்: என் ஷார்ட்ஸ் 2 லட்சம் வியூஸ் போயிருக்கு. 4000 மணி நேரம் சீக்கிரம் நிரம்பிடும்ல?

நிரம்பாது. விளம்பர வருமானத் தகுதிக்கான அந்தக் கணக்கில் ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் சேராது. ஷார்ட்ஸுக்குத் தனி வழி: 90 நாளில் 1 கோடி வியூஸ். எந்த வழியில் போனாலும் 1000 சப்ஸ்கிரைபர் வேண்டும்.

பாலா: சார், அது தப்பு. என் Studio-வில் ஷார்ட்ஸ் நேரமும் கூடியிருக்கு.

Analytics காட்டும் மொத்த நேரத்தில் கூடும், அது சரி. தகுதிக் கணக்கை Earn பக்கத்தில் பாருங்கள், குறைவாக இருக்கும். வியூஸும் அப்படித்தான். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. தகுதிக்கு, உடனே தள்ளிவிடாமல் பார்த்த Engaged views மட்டும்தான்.

பாலா: சரி சார். ஆனா ஷார்ட்ஸ்ல வந்த சப்ஸ்கிரைபர் நீள வீடியோவைத் தொடவே மாட்டாங்க. சேனலே படுத்துடும்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். பஞ்சர் வீடியோ போடும் சேனலில் ஷார்ட்ஸ் மட்டும் வேடிக்கையாக இருந்தால் அப்படித்தான் ஆகும். இரண்டும் ஒரே சிக்கலைப் பேசினால் ஒரு பகுதியினராவது வருவார்கள்.

பாலா: எனக்கு ஒரே சிக்கல்தான் சார், அப்பவும் வரலை.

ஷார்ட்ஸைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பாதியில் நிறுத்தி "மீதி சேனலில்" என்று முடித்திருந்தால், அதுதான் முதல் சந்தேகம்.

ரேவதி: ஒரு நிமிஷம் தாண்டினா நீள வீடியோதானே?

இல்லை. 2024 அக்டோபர் 15 முதல், நிமிர்ந்த அல்லது சதுர வீடியோ 3 நிமிடம் வரை ஷார்ட்ஸ்தான்.

கதிர்: எந்த கேமரா வாங்கலாம்?

கேமரா தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தினேஷ்: தினம் 5 ஷார்ட்ஸ் போட்டா 4000 மணி நேரம் எப்ப வரும் அண்ணா?

முருகனுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

செல்வி: அண்ணா, 12 நிமிஷ வீடியோவையே 12 துண்டா வெட்டிப் போட்டா வேலை மிச்சமாகுமே?

வெட்டாதீர்கள் என்றுதானம்மா முதலிலேயே சொன்னேன். ஒட்டு கழன்றதை மட்டும் எடுங்கள்.