பழைய மூட்டுக் காயம்: எந்தக் கருவி, எவ்வளவு வளைவு?

கேள்வி: பயிற்சியாளர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 38. சென்ற வாரம்தான் ஓராண்டுச் சந்தா கட்டி ஜிம்மில் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் விளையாடும்போது வலது முழங்கால் திருகிக்கொண்டது. ‘மீடியல் மெனிஸ்கஸ், கிழிந்த பகுதி அகற்றப்பட்டது’ என்று அறுவை சிகிச்சை அறிக்கையில் இருக்கிறது. சமதரையில் நடக்கும்போது வலி இல்லை. படி இறங்கினால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது. கால் பூட்டிக்கொள்வதோ நழுவுவதோ இல்லை. வலது தொடை கொஞ்சம் மெலிந்திருக்கிறது. முதல் நாள் லெக் எக்ஸ்டென்ஷன் கருவியில் மூன்று செட் செய்தேன். மறுநாள் காலை முட்டி லேசாக வீங்கி, இரண்டு நாளில் வடிந்தது. எனக்கு ஏற்ற பயிற்சிகள் எவை? நீ கேப் வாங்கலாமா? தனிப் பயிற்சிக்கு மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள், கட்டலாமா?

பதில்: அறிக்கையில் உள்ள சொற்களை அப்படியே எழுதியது நல்லதாயிற்று. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எலும்புகளை இழுத்துக் கட்டும் தசைநாரையும் ஜவ்வு என்கிறோம். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் திண்டையும் ஜவ்வு என்கிறோம். தசைநார் அறுந்தவருக்குக் கால் நழுவுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். திண்டைத் தைத்தவருக்குத் தையல் ஆறும் மாதங்களில் ஆழமாக மடக்கக் கூடாது. உங்களுக்குத் திண்டின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ஆற வேண்டியது ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஆறிவிட்டது. எஞ்சிய திண்டு முன்பைவிடச் சிறிய பரப்பில் சுமையைத் தாங்குகிறது என்பதால், குந்தி உட்காரும் அளவுக்கு ஆழமாக மடக்கிய நிலையில் எடை தூக்குவதையும், பாதம் தரையில் ஊன்றியிருக்க உடலைத் திருப்புவதையும் மட்டும் தவிர்க்க வேண்டும்.

இன்று உங்களைத் தொந்தரவு செய்வது அந்தத் திண்டுதானா என்பது எனக்கு ஐயமே. மீடியல், அதாவது உட்பக்கத் திண்டு வலித்தால் பெரும்பாலும் மூட்டின் உட்பக்க இடுக்கில் வலிக்கும்; படி இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் வலிப்பது பெரும்பாலும் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான அழுத்தத்தால் வருவது. படி இறங்குகையில் உடல் எடை முழுவதையும் ஒற்றைத் தொடையின் முன்தசை மெதுவாக இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மெலிந்த தசையால் அதைச் சீராகச் செய்ய முடிவதில்லை. நான் தொட்டுப் பார்க்காமல் எழுதுவது இது; உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோதான்.

லெக் எக்ஸ்டென்ஷன் கருவி வீக்கத்தை வரவழைத்ததும் இந்த அழுத்தத்தால்தான் இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி காலை நீட்டும்போது, முழங்கால் பாதி வளைவைத் தாண்டி, அதாவது ஏறத்தாழ 45 டிகிரியைக் கடந்து நேராகும் கட்டத்தில், தொடைத் தசை மிகக் கடுமையாக இழுக்கிறது. அதே நேரத்தில் சில்லு எலும்பைத் தொடும் பரப்பு சிறுத்துக்கொண்டே போகிறது. பெரிய விசை சிறிய பரப்பில் விழுகிறது. பாதத்தை ஒரு பலகையில் ஊன்றித் தள்ளும் லெக் பிரஸ், ஸ்குவாட் போன்றவற்றில் இது தலைகீழ்; கால் நேராக இருக்கும்போது அழுத்தம் குறைவு, மடக்க மடக்க ஏறுகிறது. ஆகவே ஒரே கால், ஒரே தசை என்றாலும், ஒரு கருவியில் தவிர்க்க வேண்டிய வளைவே இன்னொன்றில் பாதுகாப்பான வளைவாக அமைகிறது. பயிற்சியின் பெயரோடு வளைவின் எல்லையையும் சேர்த்துக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு வாரங்களுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக வாரம் மூன்று முறை செய்தால் போதும். தொடக்கமாக நிலைச் சைக்கிளில் எட்டு முதல் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மிதி மிகக் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே, ஏறத்தாழ 30 டிகிரி, வளைந்திருக்கும்படி இருக்கையை உயர்த்த வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அதிகமாக மடங்கிச் சில்லை அழுத்தும். ‘சைக்கிள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லும் பலருக்கு இருக்கையை உயர்த்தியதும் தொல்லை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு தரையில் காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி ஐந்து நொடி பிடியுங்கள், பத்து முறை. மிக எளிதாகத் தோன்றும், ஆனால் இரு கால்களிலும் செய்து தொடையைக் கையால் தொட்டுப் பார்த்தால் வலப்பக்கத் தசை பின்தங்குவது விரலுக்கே தெரியும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் பயிற்சியையும் பன்னிரண்டு முறை வீதம் இரண்டு செட் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்புத் தசை வலுவாக இருந்தால் படி இறங்கும்போது முட்டி உள்நோக்கிச் சரிவது குறையும்.

முக்கியமான பயிற்சி லெக் பிரஸ். அதை இரு கால்களாலும் சேர்த்துச் செய்ய வேண்டாம். நல்ல கால் நமக்குத் தெரியாமலே சுமையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எண் ஏறும், மெலிந்த தொடை அப்படியே இருக்கும். முதல் நாள் ஒவ்வொரு காலாகச் சோதித்துப் பாருங்கள். இடது கால் 40 கிலோவைப் பன்னிரண்டு முறை தள்ளுகிறது, வலது கால் அதே எண்ணிக்கையை 25 கிலோவில்தான் வலியில்லாமல் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25ஐ 40ஆல் வகுத்தால் ஏறத்தாழ 63 சதவீதம். இதுதான் உங்கள் தொடக்கக் கணக்கு. வலது காலால் 25 கிலோவை மூன்று செட் செய்துவிட்டு, இடது காலாலும் அதே 25 கிலோவை அதே எண்ணிக்கையில் செய்யுங்கள். இடது காலுக்கு எளிதாக இருந்தாலும் எடையைக் கூட்ட வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் மடங்காதபடி கருவியின் தடுப்பை அமைத்துக்கொண்டு, இறக்கும்போது மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். முட்டி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா, கட்டைவிரல் பக்கம் சாய்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

எடையை எப்போது கூட்டுவது என்பதை மறுநாள் காலைதான் சொல்லும். பயிற்சியின்போது பத்துக்கு இரண்டு, மூன்று என்ற அளவில் வலி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அதே அளவில் தொடரலாம். இவ்வாறு அடுத்தடுத்து இரண்டு முறை மூன்று செட்டிலும் பதினைந்து வரை செய்ய முடிந்தால் இரண்டரை கிலோ ஏற்றுங்கள். காலையில் விறைப்பு கூடியிருந்தால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வீக்கம் தெரிந்தால் அது வடியும் வரை சைக்கிளும் துண்டுப் பயிற்சியும் மட்டும் போதும், அவையும் வலிக்காத அளவில். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது தொடைத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளையை உடலே குறைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எடை தூக்கினாலும் தசை முழுமையாக வேலை செய்யாது, வீக்கம் மட்டும் நீளும். கண்ணால் மதிப்பிடுவதைவிடத் தையல் நாடா நம்பகமானது. சில்லின் நடுவே முட்டியின் சுற்றளவையும், சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே தொடையின் சுற்றளவையும் இரு கால்களிலும் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். பயிற்சிக்கு மறுநாள் வலது முட்டி வழக்கத்தைவிட ஒரு செ.மீ. கூடியிருந்தால் அது வீக்கம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். தொடையின் அளவு அவ்வளவு விரைவாக மாறாது. மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து 10 செ.மீ. உயரப் பலகையில் வலது காலை ஊன்றி நின்று, இடது காலை மெதுவாகத் தரைக்கு இறக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். கண்ணாடி முன் நின்று பத்து முறையும் முட்டி உள்ளே சாயாமல் இறங்க முடிந்தால் 15, பிறகு 20 செ.மீ. என்று உயர்த்துங்கள். உங்களுக்கு வலி வரும் அசைவே இது என்பதால், இதில் வரும் முன்னேற்றம் படியில் நேராகத் தெரியும். லெக் எக்ஸ்டென்ஷனுக்கும் அப்போது திரும்பலாம், ஆனால் 90 டிகிரியிலிருந்து 45 வரை மட்டும், குறைந்த எடையில். வலது காலின் தள்ளும் எடை இடது காலின் 90 சதவீதத்தை எட்டும் வரை ஓட்டமும் குதிக்கும் பயிற்சிகளும் வேண்டாம்; அதற்கு நான்கு மாதமும் ஆகலாம். இடையில் கால் மடங்கிய நிலையிலோ நீட்டிய நிலையிலோ பூட்டிக்கொண்டாலோ, நழுவினாலோ, வீக்கம் மூன்று நாளுக்கு மேல் நின்றாலோ, இரவில் ஓய்வில் இருக்கும்போதும் வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அன்றே காட்ட வேண்டும்.

நீ கேப் குறித்து: துணியாலோ ரப்பராலோ ஆன சாதாரண உறை கதகதப்பைத் தரும், முட்டியின் நிலையை மூளைக்கு நினைவூட்டும்; மூட்டை இறுகப் பிடித்து நிறுத்தாது. நழுவாத உங்கள் முட்டிக்கு அது கட்டாயமில்லை. வாங்குவதானால் சட்டை அளவுபோல் சிறிது, பெரிது என்று பார்த்து எடுக்காமல், நாடாவால் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அணிந்து முட்டியை இருபது முறை மடக்கி நீட்டியபின் மேல் விளிம்புக்குள் இரு விரல்கள் நுழைய வேண்டும். கால் விரல் மரத்துப்போனால் அது இறுக்கம், மாற்றிவிடுங்கள். விளையாடும்போதும் எடை தூக்கும்போதும் மட்டும் அணிந்தால் போதும்.

தனிப் பயிற்சிக் கட்டணத்தை இப்போதே மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரே ஒரு வகுப்புக்குப் பணம் கொடுத்து, அறிக்கையின் நகலை அந்தப் பயிற்சியாளரிடம் நீட்டுங்கள். அதைப் படித்துவிட்டு எந்தப் பக்கம், வெட்டினார்களா தைத்தார்களா, வீங்கியது எப்போது என்று கேட்பவர், படியில் இறங்கச் சொல்லிப் பார்ப்பவர், லெக் பிரஸ் தடுப்பைத் தானே எழுந்து சரி செய்பவர் என்றால் அவரிடம் மூன்று மாதம் கற்கலாம். அறிக்கையைப் புரட்டாமல் எல்லோருக்கும் தரும் அட்டையையே உங்களுக்கும் தந்தால் ஒரு வகுப்போடு நின்றுவிடுங்கள். எப்படியானாலும், மருத்துவச் சான்றுடன் உறுப்பினர் காலத்தை இடைநிறுத்தி வைக்க முடியுமா, முடிந்தால் எத்தனை நாளுக்கு, அந்த நாட்கள் இறுதியில் சேர்க்கப்படுமா என்பதை உங்கள் ஓராண்டுச் சந்தாவுக்கும் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் வாய்மொழியாகச் சொன்னதை, முட்டி வீங்கிய வாரத்தில் போய் நினைவுபடுத்துவது கடினம்.