மைலேஜ் குறைகிறது என்று வழக்குப் போடும் முன்

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். 14 மாதம் முன்பு மனைவியின் நகையை அடகு வைத்து, 8.2 லட்சத்துக்குப் புது பெட்ரோல் கார் வாங்கினேன். விளம்பரத்தில் லிட்டருக்கு 20.5 கி.மீ. என்று போட்டிருந்தார்கள். எனக்கு 12-ஐத் தாண்டவில்லை. ஷோரூமில் போய்க் கேட்டால், உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார்கள். வாங்கும்போது "சிட்டியிலேயே 18 கியாரண்டி சார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய சேல்ஸ்மேன் இப்போது போனை எடுப்பதே இல்லை. காரை ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லி, கம்பெனி மீது வழக்குப் போட்டு முழுப் பணத்தையும் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: முழுப் பணம் வராது. கம்பெனி மீது போடும் வழக்கு நிற்பதும் கடினம். நகை, அவமானம், போன் எடுக்காதது எதுவும் மனுவில் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் ஒரே சரக்கு அந்த வாட்ஸ்அப் செய்திதான்.

காரணம் இதுதான். கம்பெனியின் 20.5 சாலையைப் பற்றிய வாக்குறுதியே அல்ல. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'ஸ்டாண்டர்டு டெஸ்ட் கண்டிஷன்ஸ்' என்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் கார்களுக்கு அந்த எண் எம்.ஐ.டி.சி. என்ற ஓட்டமுறையில் எடுக்கப்படுகிறது. கார் சாலையில் இறங்குவதில்லை. ஆய்வகத்துக்குள் உருளைகளின் மேல் நின்றபடி சக்கரங்கள் சுற்றும். மொத்தம் 1,180 விநாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாத நகரப் பகுதி நான்கு முறை, பிறகு 90 கி.மீ. வரை போகும் நெடுஞ்சாலைப் பகுதி ஒரு முறை. ஏ.சி. அணைந்திருக்கும். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கி.மீ. எந்த விநாடியில் எந்த வேகம் என்பது முன்பே எழுதப்பட்ட அட்டவணை, டிரைவர் திரையைப் பார்த்து அதைப் பின்பற்றுவார். குழாயில் வரும் புகையைப் பையில் பிடித்து, அதிலுள்ள கார்பனை வைத்து எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்கிடுவார்கள். எல்லாக் கார்களையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடத்தான் இந்த ஏற்பாடு. அந்த நோக்கத்துக்கு அது சரியானதுதான்.

இப்போது உங்கள் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை வரை 10 கி.மீ. என்று வைப்போம். 20.5 கணக்கில் இதற்கு 0.49 லிட்டர் போதும். ஆனால் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டினால், தண்டையார்பேட்டை, ராயபுரம் சிக்னல்களையும் சேர்த்து 20 நிமிடம் நின்றே போகும். ஏ.சி. போட்டு நிற்கும் உங்கள் அளவு கார் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் எரிக்கும். 20 நிமிடத்துக்கு 0.33 லிட்டர். ஒரு அடிகூட நகராமல் போன பெட்ரோல் இது. மொத்தம் 0.82 லிட்டர், 10 கி.மீ. அப்படியானால் லிட்டருக்கு 12 சொச்சம். ஆய்வக ஓட்டத்திலும் கொஞ்சம் நிற்கும் நேரம் உண்டு, அதனால் இது தோராயம்தான். ஆனாலும் காரில் ஒரு பழுதும் இல்லாமலேயே உங்கள் 12 வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இதே கணக்கைத்தான் நுகர்வோர் ஆணையத்தில் போட்டுக் காட்டுவார்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு என்ன நடக்கும்? கார் மறுபடியும் அதே உருளை மேல், அதே அட்டவணைப்படி, ஏ.சி. இல்லாமல் ஓடும். 19.8, 20 என்று ஏதோ வரும். சொன்ன எண்ணுக்கு அருகில் வந்துவிட்டது, பொருளில் குறைபாடு இல்லை என்று அறிக்கை வரும். உங்கள் காசில், உங்கள் மனுவின் பேரில் வந்த அறிக்கை. அதை நீங்களே எப்படி மறுப்பீர்கள்? நல்ல வழக்குகள் இந்த ஒரு மனுவால் செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் சொன்ன 12-ம் உண்மை, ஆய்வகத்தின் 20-ம் உண்மை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள் என்பதை அறிக்கை வந்த பிறகு விளக்கினால் யாரும் காதில் வாங்குவதில்லை.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு பொறி, ஷோரூம் தானாகக் கூப்பிடும் கூட்டுச் சோதனை. ஞாயிறு காலை வரச் சொல்வார்கள். அவர்கள் ஆள் ஓட்டுவார், வெளிவட்டச் சாலையில் ஏ.சி. இல்லாமல் சீராக 60-ல். 19 வரும். ஜாப் கார்டில் 'திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுவிட்டால் உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் பலம் அன்றோடு போயிற்று. சோதனைக்கு ஒப்புக்கொள்வதானால் வார நாள், உங்கள் அலுவலக நேரம், உங்கள் வழி, ஏ.சி. ஓட வேண்டும் என்று முன்கூட்டியே மெயிலில் எழுதி வாங்குங்கள். ஒரே பங்கில், நாசில் முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்பி, குறைந்தது 100 கி.மீ. ஓடியபின் அதே பங்கில் திரும்ப நிரப்ப வேண்டும். டேஷ்போர்டு காட்டும் எண்ணைச் சாட்சியாக்காதீர்கள்.

அப்படியானால் வழக்கு யார் மீது? ஷோரூம் மீது. "சிட்டியிலேயே 18" என்ற சொல்லில் ஆய்வகம் இல்லை, நிபந்தனை இல்லை. அது சாலையைப் பற்றிய வாக்கு. சட்டத்தின் 2(47) பிரிவில் வரும் முறையற்ற வணிக நடைமுறை என்று இதை வாதாடலாம். அந்தப் போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு பிரதியைத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வருடக் காலவரம்பில் 14 மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

ஆனால் வென்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். இதுவரை 9,000 கி.மீ. ஓடியிருந்தால், 18 கணக்கில் 500 லிட்டர், 12 கணக்கில் 750 லிட்டர். வித்தியாசம் 250 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 25,250 ரூபாய். மன உளைச்சலுக்கு மேலே கொஞ்சம் வரலாம். 2004-ல் வாங்கிய காருக்கு 16 முதல் 18 வரை என்று விளம்பரம் செய்து 10 சொச்சம்தான் தந்த ஒரு வழக்கில், தேசிய ஆணையத்தின் தீர்ப்பு 2024-ல்தான் வந்தது. கிடைத்தது 1 லட்சம், கார் விலை அல்ல.

அதனால் சமரசம் பேசுங்கள். வழக்கறிஞர் நோட்டீஸை ஷோரூமுக்கு மட்டும் அனுப்பி, 40,000 ரூபாய் ரொக்கமாகவோ, நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் இரண்டு வருட இலவச சர்வீஸுமாகவோ கேளுங்கள். ஒரு எழுத்து ஆதாரம் உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலும் மேலாளரே பேச வருவார். வரவில்லை என்றால் வடசென்னை மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுங்கள், முதல் வாய்தாவிலேயே நுகர்வோர் சட்டத்தின் 37-வது பிரிவின்கீழ் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பணமோ வாரண்டித் தாளோ கைக்கு வருவதற்கு முன் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.