சேவ் ஆன மாற்றம் வெளியில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: வெப்சைட் பில்டர்ல நான் மாத்தினது எல்லாம் சேவ் ஆயிடுச்சுன்னு காட்டுது. ஆனா வேற போன்ல திறந்தா பழசேதான் வருது. ஏன் இப்படி? டிராஃப்ட், லைவ்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சேவ் ஆனது டிராஃப்ட். உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பது, நீங்கள் கடைசியாக பப்ளிஷ் செய்தபோது எடுக்கப்பட்ட நகல். இரண்டும் தனித்தனிப் பிரதிகள். பப்ளிஷ் பட்டனை மீண்டும் அழுத்தும் வரை முதலாவதில் என்ன செய்தாலும் இரண்டாவதுக்கு அது தெரியாது.

என் அக்கா கும்பகோணத்தில் வீட்டிலேயே வீணை வகுப்பு நடத்துகிறாள். அவளுக்கு கூகுள் சைட்ஸில் நான்கு பக்கத்தில் ஒரு சின்ன தளம் செய்து கொடுத்திருந்தேன். போன ஜூன் மாதம் மாதக் கட்டணத்தை 800 ரூபாயிலிருந்து 1000 ஆக்கினாள். மாலை வகுப்பு 5 மணிக்குத் தொடங்குவதை 5.30 என்று மாற்றினாள். இரண்டு நாள் கழித்து எனக்கு போன் வந்தது.

“தம்பி, நான் எல்லாத்தையும் மாத்திட்டேன். என் லேப்டாப்புல புதுசுதான் வருது. ஒரு அம்மா 800 ரூபாதானே போட்டிருக்குன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறாங்க. கீழ இருக்கிற அட்டவணையில மட்டும் எப்படி அஞ்சரைன்னு வந்திருக்கு?”

அவள் கடைசியாகக் கேட்டதில்தான் விஷயமே இருந்தது. அந்த அம்மா அனுப்பிய படத்தில், பக்கத்தின் மேல் பகுதியில் “மாலை 5 மணி, மாதம் ரூ. 800” என்று இருந்தது. அதே பக்கத்தின் அடியில் இருந்த நேர அட்டவணையில் 5.30 என்று இருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு நேரம். பிள்ளையை எத்தனை மணிக்கு அனுப்புவது என்று பெற்றோர் குழம்பியதில் வியப்பே இல்லை.

காரணம் இதுதான். மேலே இருந்த வரிகள் பக்கத்திலேயே தட்டச்சு செய்தவை. அவை டிராஃப்டுக்குள் மாறியிருந்தன, லைவில் மாறவில்லை. அட்டவணை அப்படி அல்ல. அது ஒரு கூகுள் ஷீட். பக்கத்தில் பதித்திருந்தோம், அவ்வளவுதான். சுவரில் ஜன்னல் வைத்த மாதிரி, அந்த இடத்தின் வழியாகத் தெரிவது வேறொரு ஃபைல். ஷீட்டில் அக்கா நேரத்தை மாற்றியதும், அடுத்த முறை பக்கத்தைத் திறந்தவர்களுக்குப் புது நேரம் தெரிந்துவிட்டது. பப்ளிஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பார்த்த அக்கா, மாற்றினால் உடனே வெளியில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் நினைத்தது நியாயம்தான்.

அவளைத் தவறாக நினைக்க வைத்த இன்னொன்று, திரையில் வரும் `All changes saved in Drive` என்ற வரி. எழுதிய ஒவ்வொன்றும் கூகுள் டிரைவில் சேர்ந்துவிட்டது, கரண்ட் போனாலும் கவலையில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஊருக்குக் காட்டிவிட்டோம் என்று அது சொல்லவில்லை. சேவ் என்ற சொல்லை வேர்ட் ஃபைலில் பழகியவர்களுக்கு, சேவ் ஆனால் வேலை முடிந்தது. அங்கே இருப்பது ஒரே பிரதி. இங்கே இரண்டு.

நீங்கள் எந்தப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை முகவரியை வைத்தே சொல்லிவிடலாம். கூகுள் சைட்ஸில் இப்படி இருக்கும்:

```
https://sites.google.com/d/…/edit     (டிராஃப்ட்)
https://sites.google.com/view/…       (லைவ்)
```

எடிட்டரில் இருக்கும் முன்னோட்டமும் டிராஃப்டைத்தான் காட்டும். போனில் எப்படித் தெரியும், டேப்லெட்டில் எப்படித் தெரியும் என்று பார்க்க அது உதவும். ஆனால் முன்னோட்டத்தில் சரியாக வந்துவிட்டது என்பதை வைத்து, வெளியிலும் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அக்கா லேப்டாப்பில் புதுசு புதுசு என்று பார்த்ததெல்லாம் முன்னோட்டம்தான்.

சரி, பப்ளிஷ் பட்டனைத் தட்டினால் முடிந்ததே என்று நானும் போனிலேயே சொல்லியிருப்பேன். நல்லவேளை, “வேற ஏதாவது மாத்திட்டு இருக்கியா?” என்று கேட்டேன். ஆண்டு விழாவுக்குப் புதுப் பக்கம் ஒன்று பாதி செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பிள்ளைகள் மேடையில் வாசிக்கும் பன்னிரண்டு படங்களை அதில் ஏற்றியிருந்தாள். படத்தைப் போடலாமா என்று பெற்றோரை இன்னும் கேட்கவில்லை.

கூகுள் சைட்ஸில் ஒரு பக்கத்தை மட்டும் பப்ளிஷ் செய்ய வழியில்லை. பட்டனை அழுத்தினால், கடைசி பப்ளிஷுக்குப் பிறகு எந்தப் பக்கத்தில் யார் செய்த மாற்றமானாலும் எல்லாம் சேர்ந்து போகும். கட்டணத்தைத் திருத்தப் போய், அனுமதி வாங்காத பிள்ளைகளின் படங்களையும் நாங்கள் வெளியில் விட்டிருப்போம்.

இரண்டு பிரதியாக வைத்திருப்பதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. பக்கம் செய்வது ஒரே நொடியில் முடிகிற வேலை இல்லை. மெனுவில் ஒரு பெயரைச் சேர்ப்போம், அது போய்ச் சேர வேண்டிய பக்கம் இன்னும் காலியாக இருக்கும். படம் ஏற்றுவோம், அடியில் எழுத வேண்டியது பாக்கி இருக்கும். தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே வெளியில் தெரிந்தால், அந்த நேரத்தில் வருகிறவர் பாதி வேலையைத்தான் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு, நாம் சொல்லும் நொடியில் மொத்தமாக மாறட்டும் என்பதற்காகத்தான் நடுவில் அந்தப் பட்டனை வைத்திருக்கிறார்கள்.

பாதிப் பக்கத்தை என்ன செய்வது? மெனுவில் தெரியாமல் மறைக்கும் வசதி உண்டு. ஆனால் மறைத்த பக்கமும் பப்ளிஷ் ஆகும். மெனுவில் பெயர் இருக்காது, முகவரி தெரிந்தவர்கள் திறக்கலாம். சாதாரண எழுத்து மட்டும் இருந்தால் இது போதும். பிள்ளைகள் படம் என்பதால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்தில் இருந்த எழுத்தை ஒரு கூகுள் டாக்ஸ் ஃபைலில் எடுத்து வைக்கச் சொன்னேன். படங்கள் அவள் போனில் இருந்தன. பிறகு டிராஃப்டிலிருந்து அந்தப் பக்கத்தையே நீக்கினாள்.

நீக்கியதை `Version history` வழியாகப் பிறகு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். அது பக்கம் பக்கமாகத் திரும்புவதில்லை, முழுத் தளமும் அந்த நாளின் நிலைக்குப் போகும். அதற்கப்புறம் செய்த திருத்தங்களை மறுபடி போட வேண்டியிருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பதிப்பை மீட்டால் அதுவும் டிராஃப்டில்தான் மீளும். லைவில் ஏதோ தவறாகப் போய்விட்டது என்று அவசரமாகப் பழைய பதிப்புக்குத் திரும்புகிறவர்கள், அதன்பின் பப்ளிஷ் செய்ய மறந்து, தப்பான பக்கத்தையே வெளியில் விட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பப்ளிஷ் செய்தாள். ஏற்கெனவே ஒருமுறை பப்ளிஷ் ஆன தளம் என்றால், அனுப்புவதற்கு முன் டிராஃப்டையும் லைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அக்காவை ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். கட்டணமும் நேரமும் தவிர, தொடர்பு பக்கத்திலும் ஒரு மாற்றம் இருந்தது. தெரியாமல் கை பட்டு வீட்டு எண் அழிந்திருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் அனுப்பினோம்.

பப்ளிஷ் செய்தும் பழையதே வந்தால், பிரௌசரில் இன்காக்னிட்டோ எனப்படும் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து லைவ் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அங்கே புதியது வந்தால் தளம் மாறிவிட்டது, உங்கள் பிரௌசர் முன்பு சேமித்து வைத்ததைக் காட்டுகிறது என்று அர்த்தம். கணினியில் `Ctrl+Shift+R` அழுத்தினால் புதிதாக எடுத்துக்கொள்ளும். அங்கேயும் பழையதே வந்தால், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் பப்ளிஷ் ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டு எடிட்டருக்குத் திரும்புங்கள். தளம் உங்களுடையது இல்லை, எடிட் செய்ய மட்டும் சேர்த்திருக்கிறார்கள் என்றால், உங்களுக்கு பப்ளிஷ் செய்யும் உரிமை இருக்கிறதா என்று உரிமையாளரைக் கேளுங்கள். எடிட்டர்கள் பப்ளிஷ் செய்ய முடியாதபடி அவர் தடுத்து வைத்திருக்கலாம்.

மறைநிலைச் சாளரத்தில் பார்ப்பதில் இன்னொரு பலனும் உண்டு. அங்கே நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்திருக்க மாட்டீர்கள். பதித்த ஷீட்டுக்கென்று தனியாகப் பகிர்வு அனுமதி இருக்கிறது. தளத்தை எல்லோருக்கும் திறந்தாலும் ஷீட் தானாகத் திறந்துவிடாது. உங்கள் கணக்கில் அட்டவணை அழகாகத் தெரியும், வெளியாருக்கு அந்த இடத்தில் அனுமதி இல்லை என்று வரும். எத்தனை முறை பப்ளிஷ் செய்தாலும் இது தீராது. ஷீட்டைத் திறந்து, லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம் என்று மாற்ற வேண்டும்.

நீங்கள் எந்த பில்டர் என்று சொல்லவில்லை. விக்ஸ் என்றால் `Save` வேறு, `Publish` வேறு. மேலே சொன்ன பழக்கம் பெரும்பாலும் பொருந்தும். வேர்ட்பிரஸ் அப்படியில்லை. புதிதாக எழுதும்போது டிராஃப்ட் உண்டு. ஏற்கெனவே வெளியான பக்கத்தைத் திருத்தி, சேமிக்கும் பட்டனை அழுத்தினால் அந்த நொடியே லைவ் மாறிவிடும், பாதி வேலையாக இருந்தாலும். ஸ்கொயர்ஸ்பேஸிலும் வெளியில் இருக்கும் பக்கத்தைச் சேவ் செய்தால் அது நேராக வெளியில் போகும். ஆகவே ஒரு பில்டரில் கற்றதை இன்னொன்றில் நம்பி இறங்க வேண்டாம். யாரும் அதிகம் பார்க்காத ஒரு பக்கத்தின் அடியில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்து சேவ் செய்யுங்கள். போனில், மறைநிலைச் சாளரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, புள்ளி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் பில்டரில் பப்ளிஷ் தனி வேலை.