ஒரே நம்பர், இரண்டு நீலம்

கேள்வி: "கிளிநொச்சியில் சின்னதாகத் துணிக்கடை போட்டிருக்கிறேன். ஒரே நிறம் என்று மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுத்ததைத் தைத்த பிறகு 'நிறம் வேறு, சுருங்கியும் போச்சு' என்று கொண்டு வருகிறார்கள். யார் பொறுப்பு?"

நிறத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. சுருக்கத்துக்கு, முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் இல்லை. புறக்கோட்டையில் ரோல் எடுத்து வந்து அப்படியே தட்டில் அடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன்.

புதுக்குடியிருப்பில் என் கடை. 2018 தை மாதம் முன்பள்ளி ரீச்சர் ஒருவர் 24 பிள்ளைகளின் சீருடைக்கு நீலப் பொப்ளின் கேட்டார். பிள்ளைக்கு 1.5 மீற்றர் என்றால் 36 மீற்றர். துணி 4 வீதம் சுருங்கும் என்று தெரியும், அதனால் 36ஐ 0.96ஆல் வகுத்து 37.5 என்று கண்டு, 38 கொடுத்தேன். முதல் ரோலில் 29 மீற்றர்தான் மிச்சம் இருந்தது. மீதி 9 மீற்றரை அதே நிற நம்பர் போட்ட இன்னொரு ரோலில் வெட்டினேன். ரியூப்லைற் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

தையல் அக்கா எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி வெட்டிவிட்டார். சில பிள்ளைகளின் சட்டையில் மேல்பாகம் ஒரு ரோல், பாவாடை மற்றது. வெயிலில் நிற்க வைத்தால் பாவாடையில் பச்சை ஓடியது. ரீச்சர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சட்டையைக் கொண்டு வந்து கடை வாசலில் விரித்துக் காட்டினார். 9 மீற்றர் துணிக்காசையும் தையல் கூலியையும் நான்தான் கொடுத்தேன். மொத்தக் கடைக்காரர் வெட்டிய துணியைத் திருப்பி எடுக்கவில்லை, அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பிழை எங்கே என்று பிறகு பார்த்தேன். ரோல் அட்டையில் நிற நம்பருக்குப் பக்கத்தில் லொட் நம்பர் என்று இன்னொன்று இருக்கும். ஒரு தடவையில் ஒன்றாகச் சாயம் போட்டதெல்லாம் ஒரு லொட். அடுத்த தடவை அதே சாயத்தை அதே அளவில் போட்டாலும் தண்ணீரும் சூடும் நேரமும் கொஞ்சம் மாறும், நிறமும் மாறும். அதற்குக் கடையில் மருந்து கிடையாது. இப்போது இரண்டு ரோலின் ஓரங்களையும் ஒரே திசையில் ஒட்ட வைத்து, வாசல் வெளிச்சத்தில் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. பில்லிலும் லொட் நம்பர் எழுதுகிறேன். இரண்டு லொட்டைத் தவிர்க்கவே முடியாவிட்டால் ஆளுக்கு ஆள் பிரியுங்கள். சுருக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைக்கே 29 மீற்றரில் 18 பிள்ளைகளுக்கும், மற்ற ரோலில் 9க்குப் பதில் 9.5 மீற்றர் வெட்டி மீதி 6 பேருக்கும் தனித்தனியாகத் தைத்திருக்கலாம். அக்காவிடம் அதை ஒரு வார்த்தை சொல்லாதது என் பிழை.

இதை எழுதும்போது பஸ்காரர்மேல் வரும் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரோல்களைக் கொழும்பிலிருந்து கொண்டு வந்தபோது ஆளுக்கான கூலிக்கு மேலே ரோலுக்கும் வாங்கிவிட்டு, மழைக்குள் கூரைமேல் கட்டினார்கள். நனைந்த ஓரம் 2 மீற்றர் கறையாகிப் போனது. கேட்டதற்கு 'லொறியில் கொண்டு போ' என்றார்கள். சின்ன வியாபாரி 3 ரோலுக்கு எப்படி லொறி பிடிப்பான்?

சரி, துணி சுருங்கும் விஷயத்துக்கு வருகிறேன். புது ரோல் வந்தால் அரை மீற்றர் சதுரத்தைப் பேனாவால் குறித்து, துவைத்து, வெயிலில் காயவிட்டு, அயர்ன் பண்ணி அளக்கிறேன். நீளவாக்கில் 50 சென்ரிமீற்றர் 48 ஆனால் 4 வீதம். பெரும்பாலும் அகலத்தை விட நீளம்தான் கூடச் சுருங்கும், ஏனென்றால் நெய்யும்போதும் பிறகும் நீளவாக்கு நூலைத்தான் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த வீதத்தை ரோல் அட்டையில் எழுதி, 'நனைத்துக் காய வைத்துத்தான் வெட்ட வேணும்' என்று வாயாலும் சொல்கிறேன். வியாபாரம் கெடும் என்பவர்கள் இருப்பார்கள். எனக்குக் கெடவில்லை.

பாரத்தையும் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் சதுரத் துண்டை வெட்டி, பக்கத்து நகைக்கடைத் தராசில் வைப்பேன். 1.2 கிராம் என்றால் சதுர மீற்றருக்கு 120 கிராம். அதே துணி என்று வந்த ரோல் 1.0 காட்டினால் அது வேறு துணி. அகலத்திலும் ஏமாறாதீர்கள்: 58 அங்குலத் துணி மீற்றருக்கு விலை கூடத்தான், ஆனால் 45 அங்குலத்தை விட கால் பங்குக்கு மேல் கூடுதல் துணி வருகிறது.

அரை மீற்றருக்குக் குறைய நான் வெட்டுவதில்லை. வெட்டிய பிறகு ரோலில் 1 மீற்றருக்குக் குறைவாக மிஞ்சும் என்றால், அந்தத் துண்டையும் விலை குறைத்துச் சேர்த்துத் தந்துவிடுகிறேன். கறார்க்காரன் என்று சொல்கிறார்கள். ஆனால் தனியாக மிஞ்சும் முக்கால் மீற்றருக்குப் பிறகு அதே லொட்டில் துணை கிடைக்காது. அப்படி 2018 நீலத்தில் மிஞ்சிய ஒரு துண்டு இன்னும் என் தட்டில் இருக்கிறது.