ஆண்டு இறுதி ரிபேட்: கிரெடிட் நோட் போட்டால் பழைய விற்பனையும் வரியும் என்ன ஆகும்? (கேள்வி பதில்)

கேள்விகளை அனுப்பியவர்களுக்கு நன்றி. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் தொழிற்சாலைக் கணக்குகளோடுதான் என் பொழுது போகிறது. அதனால் அந்தக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். கேட்கும் முன் ரிபேட் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கேட்டால் பாதிப் பதில்தான் வரும்.

பிறை, தொழிற்சாலைக் கணக்கர்: "அக்கா, 2025-இல் ஒரு டீலர் 12,000 யூனிட் எடுத்தார். ஒன்று 50 ரிங்கிட். 10,000 தாண்டினால் எடுத்த எல்லா யூனிட்டுக்கும் 2 ரிங்கிட் ரிபேட். எங்கள் பொருளுக்கு ஜூலை 1 வரை வரி இல்லை, அப்புறம் 5%. இப்போது கிரெடிட் நோட்டில் வரி எவ்வளவு போடுவது?"

பொருள் என்ன என்று தம்பி சொல்லவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை, ஜூலை 1 தேதிதான் தேவை. அன்று விற்பனை வரி விரிவானபோது விலக்கில் இருந்த பல பொருள்கள் 5% அல்லது 10% பக்கம் போயின. அதனால் 2025 ரிபேட் ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு தொகைகள் இருக்கின்றன.

நான் கேட்டு வாங்கிய கணக்கு இது. ஜூன் வரை 5,000 யூனிட், 250,000 ரிங்கிட், வரி எதுவும் வசூலிக்கவில்லை. ஜூலைக்கு அப்புறம் 7,000 யூனிட், 350,000 ரிங்கிட், வரி 17,500. ரிபேட் மொத்தம் 24,000. இதில் 10,000 ரிங்கிட் முதல் பாதிக்குச் சேரும், 14,000 இரண்டாம் பாதிக்கு. வரி குறைவது 14,000-க்கு மட்டும், அதாவது 700 ரிங்கிட். டீலருக்குச் சேர வேண்டியது 24,700.

பெரும்பாலோர் செய்வது என்ன? சிஸ்டத்தில் அந்தப் பொருளின் வரிக் குறியீடு இப்போது 5% என்று இருக்கும். 24,000 என்று தட்டினால் அதுவே 1,200 போட்டுவிடும். நீங்கள் ஒரு நாளும் வசூலிக்காத 500 ரிங்கிட்டைக் கஸ்டம்ஸிடம் கழித்துக்கொண்டதாக ஆகும். சரிபார்க்க ஒரே வழி: திருத்திய விலையில் இரண்டாம் பாதியைப் பெருக்குங்கள். 7,000 யூனிட், 48 ரிங்கிட், 5% என்றால் 16,800. வசூலித்த 17,500-இலிருந்து அதைக் கழித்தால் 700 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ வரியில்லாத இன்வாய்ஸ் கலந்திருக்கிறது.

அப்புறம், பழைய எஸ்எஸ்டி-02 விற்பனை வரிப் படிவங்களைத் திறக்க வேண்டாம். கிரெடிட் நோட் எந்த வரிக்காலத்தில் போடப்பட்டதோ அந்தப் படிவத்தில் கிரெடிட் நோட் கழிவாகக் காட்டுங்கள். ஜனவரியில் போட்டு, உங்கள் வரிக்காலம் ஜனவரி-பிப்ரவரி என்றால், மார்ச் கடைசிக்குள் போகும் படிவம். நோட்டில் காரணமும் பழைய இன்வாய்ஸ் எண்களும் இருக்க வேண்டும். "ஆண்டு ரிபேட் 2025" என்று ஒரு வரி எழுதிவிட்டு வருவார்கள். ஆடிட்டில் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே "எந்த இன்வாய்ஸ்?" என்பதுதான்.

செந்தூல், மொத்த வியாபாரம்: "10,000-க்கு மேல் போன யூனிட்டுக்கு மட்டும் ரிபேட் என்றால்?"

அப்படியானால் 2,000 யூனிட், 4,000 ரிங்கிட். அவை கடைசியாக வந்தவை, எல்லாம் 5% காலத்தவை, வரி 200. ஒப்பந்தத்தில் "எடுத்த எல்லா யூனிட்டுக்கும்" என்ற மூன்று சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் கணக்கே மாறுகிறது. அதனால்தான் ஒப்பந்தத்தைக் கையில் வையுங்கள் என்றேன்.

பாயான் லெப்பாஸ், கணக்கு உதவியாளர்: "கிரெடிட் நோட் ஜனவரி 2026-இல்தானே வருகிறது? அப்படியானால் 2026 விற்பனையைத்தானே குறைக்க வேண்டும்?"

வரிப் படிவத்துக்கு ஜனவரி. விற்பனைக்கு 2025. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பமே.

டிசம்பர் 31 அன்றே டீலர் 10,000 தாண்டிவிட்டார். 24,000 தர வேண்டிய கடமை அன்றே இருக்கிறது. எனவே அன்றே விற்பனையில் 24,000 குறைத்து, ரிபேட் கடன் என்று பொறுப்பில் வையுங்கள். ஜனவரியில் நோட் போடும்போது அந்தப் பொறுப்பை டீலர் கணக்குக்கு மாற்றினால் போதும், விற்பனை மறுபடி குறையாது. இரண்டு முறை குறைத்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஜனவரி விற்பனை திடீரென்று இளைத்திருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

வருமானத்துக்கான எம்எஃப்ஆர்எஸ் 15 தரநிலையைப் பின்பற்றும் நிறுவனம் இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும். டீலர் இலக்கைத் தொடுவார் என்று மார்ச்சிலேயே நன்றாகத் தெரிந்தால், மார்ச்சிலிருந்தே விலை 48 என்றுதான் விற்பனை எழுத வேண்டும். அப்போது தெரியவில்லை, செப்டம்பரில்தான் தெரிந்தது என்றால், அதுவரை விற்ற 8,500 யூனிட்டுக்கும் 17,000 ரிங்கிட்டை அந்தக் காலாண்டிலேயே மொத்தமாகக் குறைக்க வேண்டும். முந்தைய காலாண்டுகளைத் திருத்துவதில்லை. செப்டம்பர் அறிக்கை அசிங்கமாகத் தெரியும். முதலாளி முகம் சுளிப்பார். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஜாலான் ஈப்போ, விற்பனைப் பிரதிநிதி: "அப்படியானால் என் கமிஷனும் குறையுமா?"

அது உங்கள் வேலை ஒப்பந்தம். உங்கள் எச்ஆரிடம் கேளுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம், ஓய்வுபெற்ற ஆடிட்டர்: "எங்கள் காலத்தில் இதை விற்பனைச் செலவு என்று போட்டோம். லாபம் ஒன்றுதானே, எதற்கு இவ்வளவு?"

ஐயா சொல்வதில் பாதி சரி. லாபம் ஒன்றுதான். ஆனால் டீலர் ஒரு வேலையும் செய்யாமல், அதிகம் வாங்கியதற்காக மட்டும் கொடுப்பது விலைக் குறைப்பு. தனியார் நிறுவனங்களுக்கான எம்பிஇஆர்எஸ் தரநிலைகூட அளவு ரிபேட்டைக் கழித்தே வருமானத்தை எழுதச் சொல்கிறது. செலவாக எழுதினால் கிரெடிட் நோட் வராது, கிரெடிட் நோட் வராவிட்டால் அந்த 700 ரிங்கிட் வரி திரும்பாது. மாறாக, டீலர் உங்கள் பலகையை மாட்டுகிறார், கடையில் தனி இடம் தருகிறார், அதற்குச் சந்தை விலையில் கூலி தருகிறீர்கள் என்றால் அது செலவுதான். அதைக் கிரெடிட் நோட்டில் நுழைக்காதீர்கள்.

அதே ஐயா: "என் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறார்."

பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரிக்க முடியாவிட்டால் நான் முழுவதையும் விலைக் குறைப்பாகத்தான் பார்ப்பேன்.

ஷா ஆலம் பக்கம் வேலை பார்ப்பவர்: "அக்கா, ஒரு திருத்தம். டிசம்பர் 31-இல் 24,000 மட்டும் பொறுப்பில் வைத்தீர்கள். டீலருக்கு 24,700 அல்லவா தர வேண்டும்? 700 எங்கே?"

நல்ல கேள்வி, வந்துவிட்டது வம்பு. நான் டிசம்பரில் 700-ஐத் தொடுவதில்லை. கஸ்டம்ஸிடம் கழிக்கும் உரிமை நோட் போட்ட பிறகுதான் வருகிறது என்பது என் கட்சி. அவர் கட்சி: டீலருக்கு 24,700 பொறுப்பு, எதிர்ப்பக்கம் 700 வரிப் பொறுப்பைக் குறை. இதற்குப் பிறகு இருவரும் பத்துப் பதினைந்து தடவை எழுதிக்கொண்டோம். புக்கிட் மெர்தாஜாம் ஐயாவும் நடுவில் நுழைந்து, 700 ரிங்கிட்டுக்கு இவ்வளவா என்று சிரித்தார். பொறுப்பு விஷயத்தில் ஷா ஆலம்காரர் சொல்வது வலுவாகவே இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோட் போடும் முன் எஸ்எஸ்டி கணக்கில் கைவைத்தால் படிவத்தோடு ஒப்பிடும்போது இடிக்கும். நான் மாற்றிக்கொள்ளவில்லை. லாபத்தில் வித்தியாசம் இல்லை என்பதில் மட்டும் உடன்பாடு.

தமான் துன், கடை உரிமையாளர்: "பழைய இன்வாய்ஸ்களை ரத்து செய்து 48 என்று புதிதாகப் போட்டுவிடலாமா?"

முடியாது. இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதற்கு அப்புறம் கிரெடிட் நோட்தான்.

ராவாங், கணக்கர்: "ரத்து செய்து புதிதாக..."

மேலே பாருங்கள்.

ஜெலுத்தோங், உணவுப் பொருள் விநியோகம்: "முதல் பாதி இன்வாய்ஸ் எல்லாம் காகிதம். ஜூலையில்தான் இ-இன்வாய்ஸுக்கு வந்தோம். ஒரே கிரெடிட் நோட் போடலாமா?"

ஒரே நோட் பல இன்வாய்ஸ்களைக் குறிக்கலாம், தடையில்லை. ஆனாலும் இரண்டாகப் போடத்தான் நான் சொல்வேன். ஜூலைக்கு அப்புறமுள்ளதற்கு இ-இன்வாய்ஸ் அடையாள எண்கள் இருக்கின்றன, அவற்றைக் குறியுங்கள். காகிதக் காலத்துக்கு அந்த இடத்தில் NA போட்டு, விளக்கத்தில் காகித இன்வாய்ஸ் எண்களை எழுதுங்கள். உங்களுக்கும் பொருளின் வரி ஜூலையில் மாறியிருந்தால், வரி உள்ளது ஒரு நோட், இல்லாதது ஒரு நோட் என்று தானாகவே பிரிந்துவிடும்.

ரிபேட்டை டீலர் கடனில் கழிக்கிறீர்கள் என்றால் கிரெடிட் நோட். டீலர் எல்லாம் கட்டி முடித்து, நீங்கள் வங்கிவழி பணம் அனுப்புகிறீர்கள் என்றால் அது ரிஃபண்ட் நோட், வேறு வகை. இதைக் கேட்டு இன்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். மூவருக்கும் இதுதான்.

கிள்ளான், டீலர்: "நான் வாங்குகிற பக்கம். 24,700 வந்தால் 'இதர வருமானம்' என்று போடலாமா?"

கூடாது. வாங்கிய விலை குறைந்தது, அவ்வளவுதான். உங்களிடம் இன்னும் 1,500 யூனிட் விற்காமல் கிடக்கிறது என்று வைப்போம், அவை கடைசியாக வந்தவை. ஒவ்வொன்றிலும் 2 ரிங்கிட் ரிபேட்டும் 10 சென் வரியும் சேர்ந்து 3,150 ரிங்கிட் சரக்கு மதிப்பிலிருந்து குறையும். மீதி 21,550 விற்ற சரக்கின் செலவைக் குறைக்கும். வரியையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், விற்பனை வரி உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது, அது சரக்கு விலையோடு ஒட்டிக்கொண்டது. ஜிஎஸ்டி பழக்கத்தில் அதைத் தனிக் கணக்கில் வைக்காதீர்கள்.

செபராங் ஜெயா: "ஒப்பந்தம் எதுவும் இல்லை. டிசம்பரில் முதலாளி மனம் குளிர்ந்து 'அவருக்கு 3% கொடு' என்றார்."

ஆண்டுதோறும் இப்படிக் கொடுக்கிறவர் என்றால் டீலரும் எதிர்பார்த்துத்தான் வாங்கியிருப்பார், விற்பனைக் குறைப்பாகவே எழுதலாம். வரியைக் கழிப்பது வேறு கதை. எழுத்தில் எதுவும் இல்லாமல் கழித்தால் ஆடிட்டில் விளக்கம் சொல்ல நீங்கள்தான் நிற்க வேண்டும். இப்படி ஒரு வாடிக்கையாளருக்காகக் கஸ்டம்ஸிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் இல்லை.

பிறை, முதலில் கேட்டவர்: "அக்கா, இன்னொன்று. டீலர் ஜனவரியில் 2,500 யூனிட்டைத் திருப்பி அனுப்பப் போகிறாராம்."

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 12,000-இல் 2,500 போனால் 9,500. ஒப்பந்தத்தில் இலக்கு "திருப்பியது போக" என்று இருந்தால் ரிபேட்டே இல்லை. நோட் இன்னும் போடாவிட்டால் நிறுத்துங்கள். போட்டுவிட்டால் 24,700-க்கு டெபிட் நோட் போட்டு, 700 வரியை மறுபடி கஸ்டம்ஸுக்குக் கட்ட வேண்டும். திருப்பிய பொருளுக்கு வரும் கிரெடிட் நோட் தனி, அதில் விலை 50. "திருப்பியது போக" என்று இல்லையென்றால் ரிபேட் நிற்கும், திருப்பிய பொருளின் நோட்டில் விலை 48. ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.