விதையில்லாத் தர்பூசணிக்கு விதை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஓர் ஏக்கரில் விதையில்லாத் தர்பூசணி போட நினைக்கிறேன். விதை விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. விதையே இல்லாத பழத்துக்கு விதை எப்படிக் கிடைக்கிறது, ஊசி ஏதாவது போடுகிறார்களா? போன வருடம் நண்பர் போட்டதில் பாதி முளைக்கவில்லை, பிடித்த பிஞ்சும் உதிர்ந்துவிட்டது. என்ன காரணம், ஐயா?

பதில்: ஊசி எதுவும் போடுவதில்லை, வேற்று உயிரின் மரபணுவையும் சேர்ப்பதில்லை. விலை, முளைக்காமை, பிஞ்சு உதிர்தல் ஆகிய மூன்றும் அந்த விதை உருவாக்கப்படும் முறையிலிருந்தே வருகின்றன.

சாதாரணத் தர்பூசணியின் ஒவ்வொரு செல்லிலும் 22 குரோமோசோம்கள் உள்ளன. நாற்று முளைத்து இரண்டு விதையிலைகள் விரிந்த பருவத்தில், அவற்றின் நடுவிலுள்ள குருத்தின் மேல் கோல்கிசின் என்னும் மருந்தின் மிக நீர்த்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருப்பதும் இதே நஞ்சுதான். ஆகவே இதை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளை இம்மருந்து உருவாகவிடாமல் தடுப்பதால், இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கி, 44 கொண்ட நான்மயச் செடி கிடைக்கிறது. சொட்டிய நாற்றுகள் எல்லாம் இப்படி மாறுவதில்லை. தடித்த இலை, பெரிய மகரந்தத் தூள், பெரிய இலைத்துளைகள் ஆகியவற்றைப் பார்த்து மாறியவற்றைப் பிரித்தெடுப்பார்கள்.

இந்த நான்மயச் செடியைத் தாயாகவும், 22 குரோமோசோம் உள்ள சாதாரண இரகத்தைத் தந்தையாகவும் வைத்துக் கலப்பு செய்தால் 33 கொண்ட மும்மய விதை கிடைக்கும். தாயும் தந்தையும் இடம் மாறினால் முளைக்கும் விதை கிடைக்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இந்த மும்மய விதையைத்தான். அதிலிருந்து வளரும் செடியில் ஒவ்வொரு குரோமோசோமும் மூன்று படிகளாக இருப்பதால், மகரந்தமும் சூலும் உருவாகும்போது சமமாகப் பங்கிட வழியின்றி அவை மலடாகின்றன. பழத்தில் மெல்லிய வெள்ளைக் கூடுகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஜப்பானிய மரபியலாளர் கிஹாரா வகுத்த இந்த முறையில்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிவப்புச் சதை ‘ஷோனிமா’வும் மஞ்சள் சதை ‘ஸ்வர்ணா’வும் உருவாயின. நான்மயத் தாயின் பழத்தில் விதை குறைவாகவே பிடிப்பதாலும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலப்பு செய்ய வேண்டியிருப்பதாலும் விலை ஏறுகிறது.

நம் நேந்திரனும் இயற்கையிலேயே மும்மயம்தான். ஆனால் கன்று வைத்தே பெருகுவதால் அதற்கு விதை தேவைப்படவில்லை. காமா கதிர் முதலியவற்றால் சடுதிமாற்றம் உண்டாக்கி விதையைக் குறைக்கும் முறையும் அப்படிப்பட்ட பயிர்களுக்கே பொருந்தும். அமெரிக்காவில் விதை மிகுந்த ‘ஹட்சன்’ கிரேப் புரூட்டைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பெற்ற ‘ஸ்டார் ரூபி’யில் விதை மிகக் குறைவு, அதை மொட்டு ஒட்டிப் பெருக்க முடிந்தது. ஆண்டுதோறும் விதைத்தாக வேண்டிய தர்பூசணியில் விதையற்ற சடுதிமாற்றம் ஒன்று கிடைத்தாலும் அது அந்தக் கொடியோடு முடிந்துபோகும்.

இனி முளைப்பு. மும்மய விதையின் தோல் தடிமன், கரு சிறியது, இடையில் காற்றிடம் அதிகம். வழக்கம்போல இரவு முழுவதும் ஊறப்போட்டால் அந்த இடத்தில் நீர் நிறைந்து கரு மூச்சடைத்து அழுகிவிடும். உங்கள் நண்பருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும், அல்லது மார்கழிக் குளிரில் நேரடியாக நிலத்தில் ஊன்றியிருப்பார். பிடித்தால் நீர் சொட்டாத அளவு ஈரமான தென்னைநார்க் கழிவைக் குழித்தட்டில் நிரப்பி, விதையின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும்படி ஊன்றுங்கள். அப்போது முளை வெளிவரும்போது தோல் விதையிலைகளில் ஒட்டாமல் கழன்றுவிடும். தட்டுகளை அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி, 30 பாகை செல்சியஸ் அளவு வெப்பமுள்ள அறையில் வைத்து, முளை தலைகாட்டும் வரை மறுபடி நீர் விடாதீர்கள். முளை தெரிந்த உடனே வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நெடுத்துச் சாயும்.

பிஞ்சு உதிர்வதற்குக் காரணம் வேறு. மும்மயச் செடியின் மகரந்தம் மலடு என்றாலும், அதன் பெண்பூ காயாக வளர உயிருள்ள மகரந்தத்தின் தூண்டுதல் வேண்டும். எனவே மூன்று மும்மயச் செடிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் விதையுள்ள சாதாரண இரகத்தையும் நட்டாக வேண்டும். அது விரைவாக முளைக்கும் என்பதால் சில நாள் பிந்தி விதைத்தால், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். பெண்பூ ஒரு காலைப் பொழுதுதான் மகரந்தத்தை ஏற்கும். பூக்கும் வாரங்களில் காலையில் பூச்சிமருந்து தெளித்தால் தேனீ வராது, பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கும். மகரந்தம் போதாமல் தப்பிப் பிடித்த காய்கள் மூன்று பட்டையாகக் கோணியும் நடுவில் வெடித்த குழியோடும் இருக்கும். சாதாரண இரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தோலின் நிறமோ வரியோ தெளிவாக வேறுபடுவதாகப் பாருங்கள். இல்லையென்றால் அறுவடையில் இரண்டும் கலந்து, விதையுள்ள பழத்தையும் விதையில்லாததாக நினைத்து வாங்கிய வியாபாரி மறுமுறை உங்கள் தோட்டத்துக்கு வரமாட்டார்.