கட் ஜோக்கர் ஒரிஜினலில் நிற்குமா?

கேள்வி: கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் எல்லோரும் ரம்மிக்கு உட்கார்ந்துவிடுவோம். கட் ஜோக்கராக 7 விழுந்த ஆட்டத்தில் என்னிடம் ஆட்டின் 6, 7, 8 இருந்தன. அது ஒரிஜினல் ஆகாது என்கிறார் பெரியப்பா. படம் போட்ட ஜோக்கருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லையா?

பதில்: உங்கள் ஆட்டின் 6, 7, 8, ஜோக்கரின் உதவியில்லாத வரிசை, அதாவது ஒரிஜினல்தான். கட் ஜோக்கராக விழுந்த எண், தன் இனத்தில் தன் இடத்திலேயே நிற்கும்போது சாதாரணச் சீட்டாகவே கருதப்படும். படம் போட்ட ஜோக்கருக்கு எண்ணும் இல்லை, இனமும் இல்லை. ஆகவே அது சேரும் வரிசை எதுவாயினும் ஒரிஜினல் ஆகாது. பெரியப்பா இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கை அடுக்குவதில் இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஒரு கையை வைத்தே பார்க்கலாம். ஆட்டின் 6, 7, 8. இஸ்பேட் 9, ஜாக்கி, ராணி. டைமன் ராஜா, கிளாவர் ராஜா. டைமன் 3, 4. கிளாவர் 7, கிளாவர் 2, படம் போட்ட ஜோக்கர் ஒன்று என 13 சீட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஆட்டின் வரிசையை ஒரிஜினலாக வைத்து, படம் போட்ட ஜோக்கரை இஸ்பேட் 10-இன் இடத்திலும், கிளாவர் 7-ஐ ராஜாக்களோடும் சேர்த்தால், மீதமிருப்பவை டைமன் 3, 4, கிளாவர் 2 மட்டுமே. டைமன் 2 அல்லது 5 வந்தாலும், எந்த ஜோக்கர் வந்தாலும் கிளாவர் 2-ஐப் போட்டு டிக் அடிக்கலாம். ஆட்டின் ராஜாவோ இஸ்பேட் ராஜாவோ வந்தாலும் போதும். ராஜா செட்டிலிருந்து விடுபடும் கிளாவர் 7, டைமன் 3, 4-க்குப் போய்விடும்.

இப்போது ஆட்டின் 7-க்குப் பதிலாக அந்த இடத்தில் இன்னொரு படம் போட்ட ஜோக்கர் இருந்தால் நிலைமை மாறிவிடும். கையில் ஒரிஜினலே இல்லாததால் ராஜா வந்தும் டிக் அடிக்க முடியாது, கட்டிலிருந்து ஜோக்கர் வந்தும் பெரும்பாலும் பயனில்லை; டைமன் 2, 5, இஸ்பேட் 10, ஆட்டின் 7 போன்ற, வரிசையை நிறைவு செய்யும் சீட்டுகளுக்காகவே காத்திருக்க வேண்டும். ஜோக்கர்கள் நிறைய இருந்தும் தோற்கிற கைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே.

எனவே ஒரிஜினல் வேறெங்கும் அமையாதவரை ஆட்டின் 7-ஐ அசைக்காதீர்கள். இஸ்பேட் 10 வந்து அங்கே ஒரிஜினல் அமைந்துவிட்டால், ஆட்டின் 7 விடுதலை பெற்று எங்கு வேண்டுமானாலும் ஜோக்கராகப் போகலாம். படம் போட்ட ஜோக்கரை மட்டும் தொடக்கத்திலிருந்தே இரண்டாவது ரம்மிக்கோ செட்டுக்கோ என்று ஒதுக்கிவிடுங்கள்.

கட் ஜோக்கர் 7 என்றால் 6, 8 ஆகியவற்றைப் பலர் விரைவில் கீழே போடுவார்கள், ஏனெனில் 7-ஐ வரிசையில் முடக்க யாருக்கும் மனம் வராது. உங்களிடம் அசல் 7 இருக்கும்போது அவை உங்களுக்கே உதவும். ஜோக்கர் வெட்டும்போது படம் போட்ட ஜோக்கரே விழுந்துவிட்டால், பரவலாக உள்ள வழக்கப்படி ஏஸ்கள் எல்லாம் ஜோக்கராகும். அப்போதும் ஏஸ், 2, 3 ஒரே இனத்தில் அமைந்தால் அது ஒரிஜினலே.